600 அடிக்குள் வந்தால் ஒரு சென்ட் பர்கர்

2018 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவில் பர்கர் கிங் ஒரு விசித்திரமான சலுகையை அறிவித்தது. அதன் பெயர்பெற்ற வாப்பர் பர்கர் வெறும் ஒரு சென்ட். ஆனால் அந்த விலைக்கு ஆர்டர் செய்ய வேண்டுமானால் வாடிக்கையாளர் முதலில் போட்டிக் கடைக்குப் போக வேண்டும்! மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றிலிருந்து 600 அடிக்குள், அதாவது சுமார் 180 மீட்டருக்குள், நின்றுகொண்டு பர்கர் கிங் செயலியைத் திறந்தால்தான் அந்தச் சலுகை கண்ணில் படும். ஆர்டர் கொடுத்ததும் பக்கத்தில் எந்த பர்கர் கிங் இருக்கிறதோ, அங்கே போக செயலியே வழிகாட்டும்.

டிசம்பர் 12 வரை இந்தக் கூத்து நடந்தது. 14,000-க்கும் அதிகமான மெக்டொனால்ட்ஸ் கடைகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி போடப்பட்டிருந்தது. 15 லட்சம் பேர் செயலியைத் தரவிறக்கியதாக நிறுவனம் தரப்பில் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் உயரிய விருதுகளையும் இந்தப் பிரசாரம் அள்ளிக்கொண்டது.

இந்த வேலிக்குத்தான் ஜியோஃபென்சிங் என்று பெயர். இன்ன இடத்துக்கு போன் வந்தால் இன்னது நடக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. கடை அருகே வந்ததும் கூப்பன் அனுப்பலாம். ஆன்லைனில் வாங்கிய பொருளை எடுக்க வாடிக்கையாளர் வந்துகொண்டிருக்கிறார் என்று கடை ஊழியருக்குத் தகவல் கொடுக்கலாம். இதைக் கேள்விப்படும் கடைக்காரர்கள் பலர், ‘என் கடை வாசலை ஒருவர் தாண்டும்போது அவர் போன் டிங் என்று ஒலிக்கும்’ என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். நடைமுறை அப்படி இருப்பதில்லை. ஏன் இருப்பதில்லை என்பதற்கான காரணங்களைப் பார்த்தால், பர்கர் கிங் எதைச் சாமர்த்தியமாகத் தவிர்த்தது என்பதும் புரியும்.

வேலி என்று சொன்னாலும் போனுக்குள் அது மூன்று எண்கள் மட்டுமே: அட்சரேகை, தீர்க்கரேகை, ஆரம். முதல் இரண்டும் மையப்புள்ளியைக் குறிக்கும். மூன்றாவது, அதைச் சுற்றி எத்தனை மீட்டர் வரை என்பது. இதிலேயே சறுக்குபவர்கள் உண்டு. சென்னை தியாகராய நகர் ஏறக்குறைய 13.04, 80.23 என்ற புள்ளியில் இருக்கிறது. எண்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டால், கடை வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் போய் நிற்கும். அங்கே யாரும் சேலை வாங்க வரப்போவதில்லை. செயலியும் எந்தப் பிழையையும் காட்டாது. கூப்பன் மட்டும் ஒருவருக்கும் போகாது.

எண்களைச் சரியாகவே போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ரங்கநாதன் தெருவில் ஒரு கற்பனை ஜவுளிக்கடை. உரிமையாளர் ஆரத்தை 30 மீட்டர் என்று வைக்கச் சொல்கிறார். பக்கத்துக் கடைக்குப் போகிறவருக்கெல்லாம் ஏன் கூப்பன் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

போனுக்குத் தன் இருப்பிடம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். திறந்த வெளியில், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். ரங்கநாதன் தெருவோ குறுகலான தெரு. இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் கடைகள். செயற்கைக்கோள் சிக்னல் நேராக வந்து சேராமல் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்த சிக்னல் கூடுதல் தூரம் பயணப்பட்டிருப்பதால், போன் தன் இடத்தைத் தவறாகக் கணக்குப் போடும். கடைக்குள் நுழைந்துவிட்டால் அந்த சிக்னலும் சரிவரக் கிடைக்காது. அப்போது போன் சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்களை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. எந்த ரவுட்டருடனும் இணைய வேண்டியதில்லை; அவற்றின் அடையாளத்தைக் கேட்டாலே போதும். அந்த வழியில் கிடைக்கும் துல்லியம் பெரும்பாலும் 20 முதல் 50 மீட்டர். வைஃபையும் இல்லாத கிராமப்புறத்தில் டவர் மட்டுமே கதி என்றால், பிழை சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் ‘துல்லியம் 50 மீட்டர்’ என்று சொன்னால், ஆள் அந்த 50 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றே பொருள். மூன்றில் ஒரு முறை ஆள் அதற்கும் வெளியே இருக்கலாம். 50 மீட்டர் தடுமாறும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு 30 மீட்டர் வேலியைக் காவல் காத்தால் என்ன ஆகும்? கடைக்குள் நிற்பவர் வெளியே இருப்பதாகத் தெரியும். எதிர்வரிசையில் டீ குடிப்பவர் உள்ளே வந்ததாகத் தெரியும். எல்லைக்கோட்டின் அருகே குடியிருப்பவர் கட்டிலில் படுத்தபடியே ராத்திரி முழுக்க வந்து வந்து போவார். செயலியின் பதிவேட்டில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற பதிவுகள் சில நொடி இடைவெளியில் ஜோடி ஜோடியாக வரிசை கட்டினால், அதுவும் நள்ளிரவு மூன்று மணிக்கு வந்தால், வட்டம் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால்தான் கூகுள் தன் வழிகாட்டுக் குறிப்பில், ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டராவது இருக்கட்டும் என்கிறது. ரங்கநாதன் தெருவில் 150 மீட்டர் ஆரம் என்றால் எத்தனை கடைகள் உள்ளே அடங்கும் என்பது அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும். எல்லாப் போட்டியாளர்களும் அதில் அடக்கம். தெருவின் முனையில் இருக்கிற மாம்பலம் ரயில் நிலையமும் வட்டத்துக்குள் வந்துவிடலாம். வேலிக்கு உயரமும் கிடையாது. தரைத்தளத்தில் இருப்பவரும் நான்காவது மாடியில் பட்டுப்புடவை பார்ப்பவரும் அதற்கு ஒன்றுதான்.

இடத்தில் இருக்கும் இந்தத் தடுமாற்றம் பாதிக் கதை. மீதிப் பாதி நேரத்தில் இருக்கிறது.

போனின் ஜி.பி.எஸ். பகுதி, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலைப் பிடித்து, கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழிகாட்டி மேப்பைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் வண்டி ஓட்டியவர்களுக்கு, போன் சுடுவதும் சார்ஜ் இறங்குவதும் பழகிப்போன விஷயம். ஒரு ஜவுளிக்கடைக் கூப்பனுக்காக நாள் முழுக்க அப்படிச் செய்தால் மாலைக்குள் பேட்டரி காலி. செயலியை நீக்குவதுதான் வாடிக்கையாளரின் அடுத்த வேலையாக இருக்கும்.

ஆகவே இந்தக் காவலை ஆண்ட்ராய்டும் ஐபோனும் செயலியிடம் விடுவதில்லை, தாமே எடுத்துக்கொள்கின்றன. செயலி தன் வட்டங்களைப் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். இயங்குதளம் சிக்கனமாகக் கவனித்து, எல்லை தாண்டியது தெரிந்தால் எழுப்பிவிடும். தெருமுனையிலேயே நிற்காமல், அவ்வப்போது விசில் ஊதியபடி ஒரு சுற்று வந்து போகும் கூர்க்காவைப் போன்ற வேலை இது. வேலி வெகு தொலைவில் இருக்கும்போது, போன் எப்படியும் தொடர்பில் இருக்கிற டவரைப் பார்த்தாலே போதும். அதற்குத் தனியாகச் செலவாகும் சார்ஜ் மிகக் குறைவு. நெருங்க நெருங்க வைஃபையைக் கேட்கும். மேசையில் அசையாமல் கிடக்கும் போனில், அசைவை உணரும் சென்சார் ‘இது எங்கும் போகவில்லை’ என்று சொல்லிவிட்டால் சுற்றுகளை இன்னும் குறைத்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கனத்தின் விலை தாமதம். ஆண்ட்ராய்டில் வழக்கமாக 2 நிமிடத்துக்குள் தகவல் வந்துவிடும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் பின்னணியில் இருக்கும் செயலிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அது செயல்படும்போது சராசரியாக 2 முதல் 3 நிமிடம். வெகுநேரம் அசையாமல் கிடந்த போன் என்றால் 6 நிமிடம் வரை ஆகலாம். ஐபோனில் வேறு விதமான எச்சரிக்கை. எல்லையைத் தொட்டதும் அது சொல்லிவிடாது. கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி வந்து, அங்கே குறைந்தது 20 நொடி நிலைத்திருந்தால்தான் வந்ததாக ஒப்புக்கொள்ளும். சிக்னல் தடுமாற்றத்தில் ஆள் உள்ளேயும் வெளியேயும் ஊசலாடக் கூடாது என்பதற்காக ஆப்பிள் வைத்த ஏற்பாடு அது.

இந்த எண்களை வைத்து நம் கற்பனைக் கடைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டத்தில் ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கிறார். ஆரம் 150 மீட்டர் என்றால், எல்லையிலிருந்து வாசலுக்கு வர அவருக்கு இரண்டரை நிமிடம் ஆகும். தகவல் வர 2 முதல் 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அவர் ஏறக்குறைய வாசலுக்கு வரும்போது போன் ஒலிக்கும். ஆரம் 50 மீட்டர் என்றால்? ஐம்பதாவது நொடியிலேயே அவர் வாசலைத் தாண்டிவிடுவார். கூப்பன் வரும்போது கடையைக் கடந்து 70 மீட்டருக்கு மேல் போயிருப்பார். பெரிய வட்டம் இடப் பிழையை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை; தாமதத்துக்கும் இடம் விடுகிறது.

இனி ரயிலில் போகிறவர். புறநகர் மின்ரயில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வட்டத்தின் முழு விட்டமான 300 மீட்டரை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். மாம்பலத்தில் நிற்கும் நேரத்தைக் கூட்டினாலும் அவர் வட்டத்துக்குள் இருப்பது கொஞ்ச நேரம்தான். இரண்டு நிமிடம் கழித்து ‘உள்ளே வாங்க, 10 சதவீதம் தள்ளுபடி’ என்று செய்தி வரும்போது ரயில் சைதாப்பேட்டையை நெருங்கிக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இதற்கு ஆண்ட்ராய்டில் ஒரு மருந்து உண்டு. நுழைந்ததும் எழுப்பாதே, நுழைந்து இத்தனை நிமிடம் தங்கினால் மட்டும் எழுப்பு என்று சொல்லி வைக்கலாம். ஐந்து நிமிடம் என்று வைத்தால் ரயில் பயணி, பைக்கில் கடந்து போகிறவர், ஆட்டோவில் போகிறவர் என எல்லோரும் கழிந்துவிடுவார்கள். ஐபோனின் வேலியில் இந்த வசதி நேரடியாகக் கிடையாது. நுழைவையும் வெளியேற்றத்தையும் வைத்து நிரலாளர் தாமே சமாளிக்க வேண்டும்.

ஆனால் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. ஐந்து நிமிடத் தங்கலும் இரண்டு நிமிடத் தாமதமும் சேர்ந்தால் ஏழு நிமிடம். அதற்குள் வாடிக்கையாளர் கடைக்குள் வந்து இரண்டாவது மாடி ஏறியிருப்பார், அல்லது எதிர்க் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே ‘உள்ளே வாங்க’ என்ற செய்தி இங்கே உதவாது. ‘இன்று இரவு கடை மூடும் வரை பில்லில் தள்ளுபடி’ என்றால் பத்து நிமிடம் முன்னே பின்னே வந்தாலும் பழுதில்லை. தெருவிலேயே குடியிருப்பவரையும் நடைபாதையில் கடை போட்டிருப்பவரையும் தங்கும் நேரம் கழித்துவிடாது. வாரத்துக்கு ஒரு செய்திக்கு மேல் கூடாது, கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று செயலியில் தனியாக விதி எழுத வேண்டும்.

இப்போது பர்கர் கிங்குக்கு வருவோம். அங்கே தூங்கும் போனை எழுப்பி வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சலுகையைப் பற்றி விளம்பரத்தில் கேள்விப்பட்டு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போனார், அவரே செயலியைத் திறந்தார். செயலி திரையில் திறந்திருக்கும்போது துல்லியமான இருப்பிடத்தைக் கேட்டு வாங்குவதில் தடையில்லை. சில நொடி ஜி.பி.எஸ். ஓடுவதால் பேட்டரிக்கும் பெரிய நஷ்டமில்லை. மெக்டொனால்ட்ஸ் வாகன நிறுத்தத்தில் நிற்கும் காருக்கு வானமும் ஓரளவு தெரியும். 180 மீட்டர் என்ற தாராளமான ஆரம் மிச்சப் பிழையை விழுங்கிக்கொள்ளும். 

14,000 வேலிகளைப் பின்னணியில் காவல் காக்கச் சொல்லியிருந்தால் எந்த போனும் மறுத்திருக்கும். ஒரு செயலிக்கு ஐபோன் அனுமதிப்பது ஒரே நேரத்தில் 20 வட்டங்கள். ஆண்ட்ராய்டு அனுமதிப்பது 100. தமிழ்நாடு முழுக்க 60 கிளைகள் இருக்கிற ஒரு நிறுவனம் ஆண்ட்ராய்டில் தப்பிக்கும், ஐபோனில் மாட்டிக்கொள்ளும். அதற்கு நிரலாளர்கள் வழக்கமாகச் செய்யும் உபாயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளருக்கு மிக அருகிலுள்ள 19 கிளைகளுக்கு மட்டும் வட்டம் போடுவார்கள். இருபதாவது வட்டத்தை அவரைச் சுற்றியே, சில கிலோமீட்டர் ஆரத்தில், பெரிதாகப் போடுவார்கள். அவர் அந்தப் பெரிய வட்டத்தை விட்டு வெளியேறினால் செயலி விழித்துக்கொண்டு, பழைய 19-ஐ அழித்து, புதிய இடத்துக்குப் பக்கத்திலுள்ள 19-ஐப் பதிவு செய்யும். சென்னையில் இரவு பஸ் ஏறி மதுரைக்குப் போகிறவருக்கு இது வழிநெடுக நடந்துகொண்டே இருக்கும். பேட்டரி சேமிப்பு அமைப்பு நடுவில் செயலியை முடக்கிவிட்டால், மதுரையில் கண் விழிக்கும் வாடிக்கையாளரின் போன் இன்னும் தாம்பரம் கிளையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

வேலி சத்தமில்லாமல் காணாமல் போகும் வழிகள் வேறும் உண்டு. ஆண்ட்ராய்டு போனை அணைத்துப் போட்டாலே பதிவு செய்த வட்டங்கள் எல்லாம் போய்விடும். போன் மறுபடி உயிர் பெற்றதும் செயலி அவற்றைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு வரியை எழுத மறந்த செயலிகள் நிறைய. பேட்டரியை மிச்சப்படுத்துகிறோம் என்று பின்னணிச் செயலிகளைத் தாமாகவே கொன்றுவிடும் போன்களும் உண்டு. அங்கே எல்லாம் சரியாக எழுதியிருந்தும் கூப்பன் வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாடிக்கையாளர் சம்மதிக்க வேண்டும். பின்னணியில் வேலி இயங்க, செயலியைத் திறந்திருக்கும்போது மட்டும் தரும் அனுமதி போதாது. ஆண்ட்ராய்டில் “Allow all the time”, ஐபோனில் “Always” என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தத் தேர்வைக் கேள்விப் பெட்டியில் காட்டுவதுகூட இல்லை. பயனர் தாமே செட்டிங்ஸ் பக்கம் போய் மாற்ற வேண்டும். ஐபோனில் “Precise Location” என்பதை அணைத்து வைத்தவருக்கு வேலி வேலையே செய்யாது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து அங்கும் தோராய இருப்பிடத்தை மட்டும் தரலாம். அப்படித் தந்தாலும் இதே கதிதான்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்பதற்கு கனடாவிலிருந்து ஓர் உதாரணம். டிம் ஹார்ட்டன்ஸ் என்ற காபிக் கடை நிறுவனத்தின் செயலி தன்னைப் பற்றி என்ன சேகரித்திருக்கிறது என்று, ஃபைனான்ஷியல் போஸ்ட் நாளிதழின் நிருபர் ஒருவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்தில் 2,700 முறைக்கு மேல் அவருடைய இருப்பிடம் பதிவாகியிருந்தது. 2020 ஜூனில் அவர் அதை எழுத, விசாரணை தொடங்கியது. செயலி மூடியிருக்கும்போதும் சில நிமிடத்துக்கு ஒரு முறை இருப்பிடம் சேகரிக்கப்பட்டதாகவும், பயனரின் வீடு எது, வேலையிடம் எது, போட்டிக் கடைக்கு எப்போது போனார் என்பதெல்லாம் அதிலிருந்து கணிக்கப்பட்டதாகவும் கனடாவின் தனியுரிமை ஆணையர்கள் 2022 ஜூனில் அறிக்கை தந்தார்கள்.

கூப்பன் அனுப்ப இவ்வளவு தேவையே இல்லை. இயங்குதளத்தின் வேலியை முறையாகப் பயன்படுத்தினால் ஒப்பிடும் வேலை முழுக்க போனுக்குள்ளேயே முடிந்துவிடும். ‘இந்த வட்டத்துக்குள் வந்தார்’ என்ற ஒரு செய்திக்கு மேல் கடையின் கணினிக்கு எதுவும் போக வேண்டியதில்லை. அந்த ஒன்றைக்கூட அனுப்பாமல் கூப்பனை போனே காட்டிவிடலாம். சேகரிக்காத தகவலுக்கு சார்ஜும் செலவாகாது.

ஆக, இதைத் தன் கடைக்குச் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால், உரிமையாளர் கணினி ஸ்கிரீனில் காட்டும் டெமோவை நம்பாமல் தெருவில் இறங்கிச் சோதிக்கலாம். பழைய ஆண்ட்ராய்டு ஒன்று, புதியது ஒன்று, ஐபோன் ஒன்று. மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரையைத் தொடாமல், வட்டத்துக்கு வெகு வெளியிலிருந்து கடைக்கு நடந்து வர வேண்டும். எல்லையைக் கடந்த நேரத்தையும் ஒவ்வொரு போனும் ஒலித்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து அதே மூன்று போன்களோடு ரயிலில் ஒரு முறை கடந்து போக வேண்டும். அப்போது எதுவும் ஒலிக்கக் கூடாது. மூன்றையும் அணைத்துப் போட்டு, செயலியைத் திறக்காமலேயே மறுபடி நடந்து வந்து பார்க்க வேண்டும். கடைசியாக, ஒரு முழு நாள் கழித்து செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் எடுத்தது என்ற பட்டியல் இருக்கும். அதன் மேல்வரிசையில் கடையின் செயலி நின்றால், செய்து தந்தவர் வேலியை இயங்குதளத்திடம் விடாமல் ஜி.பி.எஸ்.ஸைத் தாமே ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.